வகுத்தால் மட்டும் போதுமா? மூன்று முற்றொருமைகளையும் வட்டத்திலேயே பார்க்க முடியுமா?

கோணல்மானி · 3 ஆகஸ்ட் 2024, இரவு 9.12

நேராகவே கேட்கிறேன். sin²θ + cos²θ = 1 என்பது அலகு வட்டத்திலிருந்து வருகிறது, அதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆரம் 1, வட்டத்தின் மேல் புள்ளி P, அதன் ஆயத்தொலைவுகள் (cos θ, sin θ), வட்டத்தின் சமன்பாடு x² + y² = 1, முடிந்தது கதை. ஆனால் 1 + tan²θ = sec²θ, 1 + cot²θ = cosec²θ இரண்டும் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரி "முதலாவதை cos²θ ஆல் வகு, அப்புறம் sin²θ ஆல் வகு" என்று கை காட்டிவிட்டுப் போகிறார்கள். நானும் மாலை டியூஷனில் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கணக்கு சரி. ஆனால் வகுத்த பிறகு படம் எங்கே போனது? வட்டத்தில் செக் எங்கே இருக்கிறது, விரல் வைத்துக் காட்டு என்று ஒரு பையன் கேட்டான். ஆரம் 1 தெரிகிறது, சைன் நிற்கிறது, காஸ் படுத்திருக்கிறது. செக் எங்கே?

ரவுண்டானா · 3 ஆகஸ்ட் 2024, இரவு 9.40

இதற்கு வட்டமே வேண்டாமே. செங்கோண முக்கோணம் போடுங்கள். எதிர்ப்பக்கம்² + அடுத்துள்ள பக்கம்² = கர்ணம்². கர்ணத்தின் வர்க்கத்தால் வகுத்தால் முதலாவது, அடுத்துள்ள பக்கத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இரண்டாவது, எதிர்ப்பக்கத்தின் வர்க்கத்தால் வகுத்தால் மூன்றாவது. பத்தாம் வகுப்பில் இப்படித்தான் படித்தோம், யாரும் செத்துப்போகவில்லை. வட்டம் எல்லாம் சும்மா பில்டப்.

கோணல்மானி · 3 ஆகஸ்ட் 2024, இரவு 9.51

143° கோணத்துக்கு ஒரு செங்கோண முக்கோணம் வரைந்து அனுப்புங்கள் ரவுண்டானா, பிரேம் போட்டு மாட்டிக்கொள்கிறேன்.

செல்வி டீச்சர் · 3 ஆகஸ்ட் 2024, இரவு 11.05

ரவுண்டானா சொல்வதில் பாதி ரொம்பச் சரி. அந்தப் பாதியை வைத்தே கோணல்மானியின் பையனுக்குப் பதில் சொல்லிவிடலாம்.

வட்டத்தின் மையம் O, வலது ஓரத்தில் A(1, 0). A-யில் வட்டத்தைத் தொடும் செங்குத்துக் கோடு ஒன்று போடுங்கள், அதாவது x = 1. இப்போது OP-யை வட்டத்துக்கு வெளியே நீட்டுங்கள். அது அந்தத் தொடுகோட்டை ஓரிடத்தில் சந்திக்கும், அதை T என்போம். P-யிலிருந்து கீழே x அச்சுக்கு இறக்கிய செங்குத்தின் அடி M. சின்ன முக்கோணம் OMP, பெரிய முக்கோணம் OAT. இரண்டுக்கும் O-வில் அதே கோணம், கீழே செங்கோணம், ஆக வடிவொத்தவை. AT/OA = MP/OM. OA-தான் 1 ஆச்சே, அதனால் AT = sin θ / cos θ = tan θ. அதேபோல OT/OA = OP/OM, அதாவது OT = 1/cos θ = sec θ. பையன் கேட்ட செக் இதுதான், மையத்திலிருந்து தொடுகோடு வரை போகிற சாய்ந்த கோடு. OAT-க்குப் பிதாகரஸ் போட்டால் 1² + tan²θ = sec²θ. வகுத்தலே செய்யவில்லை பாருங்கள்.

உண்மையில் செய்தோம், கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். cos θ ஆல் வகுப்பது என்றால் சின்ன முக்கோணத்தை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கிக் கேட்பது போல. எவ்வளவு பெரிதாக்க வேண்டும்? கீழ்ப்பக்கம் cos θ ஆக இருப்பது 1 ஆகும் வரை. முதல் முற்றொருமையில் கர்ணம் 1. இரண்டாவதில் கீழ்ப்பக்கம் 1. மூன்றாவதில் நிற்கும் பக்கம் 1. வடிவம் மாறவே இல்லை, எந்தப் பக்கத்துக்கு 1 என்ற பட்டத்தைக் கொடுக்கிறோம் என்பதுதான் மாறுகிறது.

மூன்றாவதுக்கு மேலே B(0, 1)-ல் தொடும் கிடைக்கோடு, y = 1. OP-யை நீட்டினால் அதை S-ல் சந்திக்கும். BS = cot θ, OS = cosec θ. ஏன் என்பதை வீட்டுப்பாடமாக விட்டுவிடுகிறேன், தூக்கம் வருகிறது. ஒரு குறிப்பு மட்டும்: S-ல் இருக்கும் கோணம் θ-வேதான், ஒன்றுவிட்ட கோணங்கள்.

கோணல்மானி · 4 ஆகஸ்ட் 2024, காலை 11.20

வரைந்து பார்த்தேன். கிராப் தாளில் ஆரம் 10 செ.மீ. வைத்தேன், கோணம் 35°. P-யின் உயரம் 5.7 செ.மீ., கீழ்ப்பக்கம் 8.2. தொடுகோட்டில் AT 7.0, OT 12.2. மேல்கோட்டில் BS 14.3, OS 17.4. எல்லாவற்றையும் 10 ஆல் வகுத்தால் மதிப்புகள் வந்துவிடும், ஆனால் வகுக்காமல் செ.மீ.-யிலேயே சரிபார்க்கலாம்: 100 + 49 = 149, 12.2-இன் வர்க்கம் 148.84. கிட்டத்தட்ட அடித்துவிட்டது.

மூன்றாவதில்தான் கொஞ்சம் இடித்தது. 100 + 14.3² = 304.49. ஆனால் 17.4² = 302.76. கிட்டத்தட்ட 1.7 இடைவெளி. முதலில் வரைந்ததில் ஏதோ கோணல் என்று தோன்றியது. அப்புறம் பார்த்தால் இது ஸ்கேலின் வேலை. 17.4 என்று நான் எழுதியதில் அரை மில்லிமீட்டர் இந்தப்பக்கம் அந்தப்பக்கம் இருக்கலாம். வர்க்கம் எடுக்கும்போது அந்த 0.05, 2 × 17.4 × 0.05 = 1.74 ஆக ஊதிப்போகிறது. நீளம் பெரிதாகப் பெரிதாக, அளவில் வரும் அதே சின்னப் பிழை வர்க்கத்தில் பெரிதாகத் தெரியும். ஆக முற்றொருமையில் குறை இல்லை, என் பென்சிலைச் சீவ வேண்டும்.

அந்தப் பையனுக்குக் காட்டினேன். "அப்போ செக் எப்பவுமே 1-ஐ விடச் சின்னதா வராது, ஏன்னா கோடு வட்டத்துக்கு வெளியதான் இருக்கு" என்றான். சரிதான். வகுத்துக் காட்டியிருந்தால் இதை அவன் சொல்லியிருக்க மாட்டான்.

தாமரை_அம்மா · 4 ஆகஸ்ட் 2024, மதியம் 2.15

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகள் பத்தாம் வகுப்பு. நீங்கள் சொன்ன 35°-ஐக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தாள். சைன் 35 அழுத்தி, அப்புறம் x² பட்டன், பிளஸ், காஸ் 35, மறுபடியும் x². விடை 1 வரவில்லை, -0.2456 என்று வருகிறது. கால்குலேட்டர் பழுதா அல்லது இந்தச் சூத்திரம் 30, 45, 60 மாதிரி கோணங்களுக்கு மட்டும்தானா? அவள் பள்ளியில் அந்தக் கோணங்களுக்கு மட்டும்தான் சரிபார்த்துக் காட்டினார்களாம்.

செல்வி டீச்சர் · 4 ஆகஸ்ட் 2024, மாலை 4.30

கால்குலேட்டர் பழுதில்லை அம்மா. பாப்பா அழுத்தியதை அது sin(35²) என்று படித்துக்கொண்டது. 35² = 1225. அதாவது 1225° கோணத்தின் சைன். sin²θ என்று நாம் எழுதுவது (sin θ)². சைனைக் கண்டுபிடித்து முடித்த பிறகு வர்க்கம். அடைப்புக்குறி போட்டு (sin 35)² + (cos 35)² என்று அழுத்தச் சொல்லுங்கள், 1 வரும். எந்தக் கோணத்துக்கும் வரும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, காகிதத்தில் போட்ட பிறகுதான் பார்த்தேன். 1225° என்றால் மூன்று முழுச் சுற்று 1080° போக மீதி 145°. 145°-இன் சைனும் 35°-இன் சைனும் ஒன்றே, 0.5736. அதனால் முதல் பாதியை மட்டும் அழுத்தியிருந்தால், "வர்க்கம் எடுத்தும் மாறவில்லையே" என்று இன்னும் குழம்பியிருப்பாள். காஸில்தான் குறி மாறி -0.8192 ஆகிவிட்டது. 0.5736 - 0.8192, அதுதான் உங்கள் -0.2456.

ரவுண்டானா · 4 ஆகஸ்ட் 2024, மாலை 5.02

உலகத்தில் எத்தனை எண் இருக்கிறது, அந்த 35-ஐத்தானா போய்ப் பிடித்தீர்கள் கோணல்மானி.

கோணல்மானி · 5 ஆகஸ்ட் 2024, இரவு 10.18

அந்த 145° என் அடுத்த தலைவலியை நினைவுபடுத்திவிட்டது. டீச்சர் படம் முதல் கால்பகுதிக்குப் பிரமாதம். ஆனால் P இடது பக்கம் போய்விட்டால்? OP-யை நீட்டினால் அது இடது மேல் மூலைக்குப் போகிறது. தொடுகோடு x = 1 வலது பக்கம் நிற்கிறது. ரெண்டும் சந்திக்கவே சந்திக்காது. ஆக விரிகோணத்துக்கு செக் எங்கே என்று அதே பையன் கேட்பான், எனக்குத் தெரியும் அவனை.

கூடவே பழைய வியாதி ஒன்று. sin θ = 3/5, θ விரிகோணம், மற்றவை காண்க என்று கொடுத்தால் பிள்ளைகள் cos²θ = 1 - 9/25 = 16/25 வரை அழகாக வந்து, cos θ = 4/5 என்று எழுதிவிட்டு, டேன் 3/4, செக் 5/4 என்று போய்க்கொண்டே இருக்கிறார்கள். கடைசியில் 1 + 9/16 = 25/16 என்று சரிபார்த்துப் பெரிய டிக் வேறு. முற்றொருமை அவர்களைக் காட்டிக்கொடுப்பதில்லை, ஏனென்றால் வர்க்கம் எடுத்ததும் குறி செத்துப்போகிறது.

செல்வி டீச்சர் · 5 ஆகஸ்ட் 2024, இரவு 11.47

அதனால்தான் நீளம் என்று சொல்வதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு ஆயத்தொலைவுக்கு வர வேண்டும். P = (x, y). அதை ஒரு எண்ணால் பெருக்கி, முதல் ஆயத்தொலைவு 1 ஆகும்படி செய்யுங்கள். அந்த எண் 1/x, அதாவது sec θ. அப்போது T = (1, y/x) = (1, tan θ). x குறை எண்ணாக இருந்தால் 1/x-உம் குறை எண், குறை எண்ணால் பெருக்கினால் புள்ளி மையத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகும். படத்தில் இதன் பொருள்: OP-யை முன்னால் நீட்டாதீர்கள், பின்னால் நீட்டுங்கள். O வழியாக வலது கீழ்ப்பக்கம் போய்த் தொடுகோட்டை அச்சுக்குக் கீழே சந்திக்கும். பின்னால் நீட்டிப் பிடித்தால் செக் குறை எண், அச்சுக்குக் கீழே பிடித்தால் டேன் குறை எண். குறிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

உங்கள் கணக்கையே போடுவோம். θ விரிகோணம் என்பதால் P இடது மேல் பகுதியில், (-4/5, 3/5). பெருக்க வேண்டிய எண் -5/4. T = (1, -3/4). ஆக sec θ = -5/4, tan θ = -3/4. மேல்கோட்டுக்கு இரண்டாவது ஆயத்தொலைவை 1 ஆக்க 5/3 ஆல் பெருக்க வேண்டும், அது மிகை எண், முன்னால் நீட்டினாலே போதும். S = (-4/3, 1). cosec θ = 5/3, cot θ = -4/3.

இனி நிரூபணம் ஒரே வரி, எல்லாக் கால்பகுதிக்கும் சேர்த்து. P மையத்திலிருந்து 1 தூரத்தில் இருக்கிறது. அதை k ஆல் பெருக்கினால் தூரத்தின் வர்க்கம் k². k = sec θ என்றால் புள்ளி (1, tan θ), தூர வர்க்கம் 1 + tan²θ. இரண்டும் ஒன்றே. k = cosec θ என்று வைத்தால் மூன்றாவது.

ரவுண்டானா · 6 ஆகஸ்ட் 2024, காலை 8.33

சரி, 143°-க்கு என் முக்கோணம் ஓடாது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்போது எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. அலகு வட்டத்தின் சமன்பாடு x² + y² = 1. அதிலிருந்து sin² + cos² = 1 நேராக வந்துவிடுகிறது. அதைக் கர்ணத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் பிதாகரஸ் தேற்றம். ஆக வட்டத்தை வைத்துப் பிதாகரஸையே ரெண்டு வரியில் நிரூபித்தாயிற்று. சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டியதெல்லாம் வேஸ்ட்.

கோணல்மானி · 6 ஆகஸ்ட் 2024, காலை 9.10

வட்டத்துக்கு x² + y² = 1 என்று யார் சொன்னது? மையத்திலிருந்து 1 தூரத்தில் இருக்கும் புள்ளிகள்தான் வட்டம். அந்தத் தூரம் √(x² + y²) என்பது தூரச் சூத்திரம். தூரச் சூத்திரம் பிதாகரஸ். நீங்கள் பணம் போட்ட பையிலிருந்தே பணத்தை எடுத்துவிட்டு லாபம் என்கிறீர்கள்.

செல்வி டீச்சர் · 6 ஆகஸ்ட் 2024, இரவு 9.55

கோணல்மானி சொல்வது சரி, ஆனால் கதவை அவ்வளவு வேகமாகச் சாத்த வேண்டாம். லூமிஸ் என்ற அமெரிக்கக் கணித ஆசிரியர் 1927-இல், திரிகோணமிதி வழியாகப் பிதாகரஸுக்கு நிரூபணம் இருக்கவே முடியாது என்று எழுதினார். காரணம் ரவுண்டானா விழுந்த அதே குழிதான்: திரிகோணமிதி எல்லாமே sin² + cos² = 1 மேல் நிற்கிறது, அதுவோ பிதாகரஸ் மேல் நிற்கிறது. ஆனால் அந்த "எல்லாமே" என்பது தவறு. சைன் விதிக்குப் பிதாகரஸ் தேவையில்லை. குறுங்கோணங்களுக்கான கழித்தல் சூத்திரங்களையும் வடிவொத்த முக்கோணங்களை வைத்தே பெறலாம். 2009-இல் ஜேசன் ஜிம்பா அந்தக் கழித்தல் சூத்திரங்களிலிருந்து தொடங்கி முதல் முற்றொருமையைச் சுற்றி வளைக்காமல் பெற்றுக் காட்டினார். 2023-இல் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த இரண்டு பள்ளி மாணவிகள், நெகியா ஜாக்சன், கால்சியா ஜான்சன், சைன் விதியையும் முடிவிலாப் பெருக்குத் தொடர் ஒன்றையும் வைத்து வேறொரு வழி காட்டினார்கள்.

ஆக ரவுண்டானாவின் ஆசை தப்பில்லை. வட்டத்தின் சமன்பாட்டிலிருந்து தொடங்கியதுதான் தப்பு.

ரவுண்டானா · 6 ஆகஸ்ட் 2024, இரவு 10.03

"ஆசை தப்பில்லை" என்பதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இருந்தாலும் ஒன்று. சின்ன முக்கோணம், பெரிய முக்கோணம் வடிவொத்தவை என்பதை வைத்தே பிதாகரஸ் வந்துவிடுமே, செங்கோணத்திலிருந்து கர்ணத்துக்குச் செங்குத்து இறக்கி. அதையே சைன் காஸ் என்று பெயர் மாற்றி எழுதினால் அது திரிகோணமிதி நிரூபணமா, வடிவியல் நிரூபணமா? கர்ணம் 1, ஒரு துண்டு cos θ × cos θ, இன்னொரு துண்டு sin θ × sin θ, கூட்டினால் 1. இதில் வட்டம் எங்கேயும் இல்லை.

செல்வி டீச்சர் · 6 ஆகஸ்ட் 2024, இரவு 10.40

அது அழகான நிரூபணம், குறுங்கோணத்துக்கு. அதைத் திரிகோணமிதி என்று சொல்லலாமா என்பதில் கணிதக்காரர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

கோணல்மானி · 6 ஆகஸ்ட் 2024, இரவு 11.15

எனக்கு ஒன்றில்லை. பெயரை மாற்றினால் புது நிரூபணம் ஆகிவிடாது. இதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

சென்ட்ரிங்_பார்த்தவன் · 8 ஆகஸ்ட் 2024, காலை 6.50

நான் சிவில். கணக்குப் பாடம் எனக்கு வேண்டாம், ஆனால் இந்த இரண்டாவது சூத்திரத்தை மாதம் ஒருமுறையாவது போடுகிறேன் என்பது இந்த இழையைப் படித்த பிறகுதான் உறைத்தது. படிக்கட்டு. ஒரு படியின் உயரம் 15 செ.மீ., மிதிக்கும் அகலம் 25 செ.மீ. என்று வையுங்கள். படிக்கு அடியில் சாய்வாக ஓடும் கான்கிரீட் பலகையின் எடையைக் கிடைமட்ட நீளத்துக்கு மாற்ற வேண்டும், அதற்கு √(R² + T²)/T என்று ஒரு பெருக்கு எண் போடுவோம், R உயரம், T அகலம். √(225 + 625) = 29.15, அதை 25 ஆல் வகுத்தால் 1.166. இதுதான் உங்கள் செக், இல்லையா? R/T டேன். √(1 + 0.36).

கிடையில் 2.5 மீட்டர் போகிற படிக்கட்டு சாய்வில் 2.915 மீட்டர். இதை விட்டுவிட்டுக் கம்பி வெட்டினால் ஒவ்வொரு கம்பியும் 40 செ.மீ.-க்கு மேல் குட்டை. ஆனால் சக்கர நாற்காலி போகிற சாய்தளத்தில், 12-க்கு 1 சாய்வில், இதை யாரும் கண்டுகொள்வதில்லை. இரண்டும் ஒரே சூத்திரம்தானே, ஒரு இடத்தில் கட்டாயம், ஒரு இடத்தில் வேண்டாம், அது ஏன்?

கோணல்மானி · 8 ஆகஸ்ட் 2024, மதியம் 1.05

அண்ணே, இந்த உதாரணத்தை நான் டியூஷனில் திருடிக்கொள்கிறேன்.

உங்கள் கேள்விக்குப் பதில் அந்த வர்க்கத்தில் இருக்கிறது. டேன் சின்னதாக இருந்தால் அதன் வர்க்கம் ரொம்பச் சின்னது, அப்புறம் வர்க்கமூலம் எடுக்கும்போது இன்னும் பாதியாகிறது. செக் ஏறக்குறைய 1 + tan²θ/2. 12-க்கு 1 சாய்வில் டேன் 1/12, வர்க்கம் 1/144, அதில் பாதி 1/288. அதாவது நூற்றுக்கு 0.35 மட்டும். 6 மீட்டர் சாய்தளத்தில் 2 செ.மீ. அதிகம், பூச்சில் போய்விடும். படிக்கட்டில் டேன் 0.6, பாதி போட்டால் 0.18 வரும், உண்மை 0.166. அந்தச் சுருக்கு வழி அங்கே கொஞ்சம் அதிகமாகக் காட்டுகிறது, ஆனால் எந்த அளவு விவகாரம் என்று சொல்லிவிடுகிறது. படத்தில் பார்த்தாலும் இதுதான்: தொடுகோட்டில் A-க்குப் பக்கத்தில் கொஞ்சம் மேலே ஏறினால் மையத்திலிருந்து தூரம் அசைவதே இல்லை, நிறைய ஏறினால்தான் கூடுகிறது.

சென்ட்ரிங்_பார்த்தவன் · 8 ஆகஸ்ட் 2024, இரவு 8.20

நன்றி. எங்கள் மேஸ்திரி இதை "நெட்டுக்குத்தா போனா நூல் போட்டு அளந்துக்கோ" என்று முடித்துவிடுவார். அவரும் தப்பு விட்டுப் பார்த்ததில்லை.

ரவுண்டானா · 9 ஆகஸ்ட் 2024, இரவு 7.44

நெட்டுக்குத்தா போனால் என்றதும் கேட்கிறேன். 90°-இல்? OP நேரே மேலே நிற்கும், தொடுகோடு x = 1-உம் நேரே மேலே நிற்கும், இரண்டும் இணை. T கிடையாது. கால்குலேட்டரில் tan 90 போட்டால் Math ERROR. அப்படியென்றால் இரண்டாவது முற்றொருமை எல்லாக் கோணத்துக்கும் பொருந்தாது. பிறகு அதை எப்படி முற்றொருமை என்கிறீர்கள்?

செல்வி டீச்சர் · 9 ஆகஸ்ட் 2024, இரவு 9.30

இரண்டு பக்கத்துக்கும் பொருள் இருக்கிற எல்லா இடத்திலும் உண்மையாக இருந்தால் போதும். 90°-இல் டேனும் இல்லை, செக்கும் இல்லை, ஆகவே பொய்யாகவும் இல்லை. இதை வகுத்தல் வழியில் பார்த்தால் cos²θ = 0 ஆல் வகுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை, படத்தில் பார்த்தால் இணைகோடு. ஒரே ஓட்டையின் இரண்டு முகம். மூன்றாவதுக்கு ஓட்டை 0°-இலும் 180°-இலும். முதலாவதுக்கு ஓட்டையே இல்லை, ஏனென்றால் P எப்போதும் வட்டத்தின் மேல் எங்கேயாவது இருக்கிறது.

அதனால்தான் முதலாவதிலிருந்து மற்ற இரண்டும் வரும், ஆனால் இரண்டாவதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு cos²θ ஆல் பெருக்கித் திரும்பி வந்தால் 90°-ஐப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. அங்கே தனியாக P(0, 1)-ஐப் பார்த்து 0 + 1 = 1 என்று போட்டுக்கொள்ள வேண்டும்.

ஓலைக்கட்டு · 11 ஆகஸ்ட் 2024, காலை 10.10

அலகு வட்டம் என்றே எல்லாரும் பேசுவதால் ஒரு குறுக்குச்சால். 499-இல் ஆரியபட்டர் கொடுத்த சைன் பட்டியலில் ஆரம் 1 இல்லை, 3438. வட்டத்தின் சுற்றளவை 21,600 கலைகளாக, அதாவது 360 × 60 என்று வைத்தால், ஆரம் 21,600/2π, ஏறக்குறைய 3437.75. அதை முழு எண்ணாக்கினால் 3438. கோணத்தையும் கோட்டையும் ஒரே அலகில் அளக்கலாம் என்பது வசதி. அங்கே முற்றொருமை "இரண்டின் வர்க்கமும் சேர்ந்தால் 1" இல்லை, "சேர்ந்தால் 3438-இன் வர்க்கம்".

அந்தப் பட்டியலை இந்த முற்றொருமையை வைத்தே சோதிக்கலாம். 30°-க்கு 1719, ஆரத்தில் சரிபாதி, சுத்தம். 60°-க்குப் பட்டியலின் வேறுபாடுகளைக் கூட்டிவந்தால் 2978. 1719² + 2978² = 1,18,23,445. ஆனால் 3438² = 1,18,19,844. 3,601 அதிகம். திருப்பிப் போட்டு, 3438² - 1719²-க்கு வர்க்கமூலம் எடுத்தால் 2977.4. முழு எண்ணாக்கினால் 2977 வர வேண்டும், பட்டியலில் 2978. ஒற்றை எண் பிசகு, கோணல்மானியின் அரை மில்லிமீட்டர் மாதிரியே வர்க்கத்தில் பெரிதாகத் தெரிகிறது.

கோணல்மானி · 11 ஆகஸ்ட் 2024, காலை 10.32

என் பென்சிலையும் ஆரியபட்டரையும் ஒரே வரியில் வைத்ததற்கு இன்று மதியம் பாயசம்.

தாமரை_அம்மா · 14 ஆகஸ்ட் 2024, இரவு 8.15

மகள் வீட்டுப்பாடத்தில் சிக்கிக்கொண்டாள். ஒரு கைடில் இருக்கும் கணக்கு: θ குறுங்கோணம், cosec θ - cot θ = 3 எனில் sin θ காண்க. விடை 3/5 என்று பின்னால் போட்டிருக்கிறார்கள். அவளுக்கும் 3/5 வந்துவிட்டது. ஆனால் காட் மட்டும் குறை எண்ணாக வருகிறது, எங்கே தப்பு என்று இரண்டு நாளாகத் தேடுகிறாள்.

செல்வி டீச்சர் · 14 ஆகஸ்ட் 2024, இரவு 9.20

அவள் செய்ததில் தப்பே இல்லை. மூன்றாவது முற்றொருமையை cosec²θ - cot²θ = 1 என்று எழுதினால் (cosec θ - cot θ)(cosec θ + cot θ) = 1. ஒன்று 3 என்றால் மற்றது 1/3. கூட்டிப் பாதி எடுத்தால் cosec θ = 5/3, கழித்துப் பாதி எடுத்தால் cot θ = -4/3. sin θ = 3/5, ஆனால் cos θ = -4/5. அதாவது θ விரிகோணம். நாம் 5-ஆம் தேதி போட்ட அதே P.

கணக்கில்தான் பிழை. குறுங்கோணத்துக்கு cosec θ - cot θ ஒருபோதும் 1-ஐ எட்டாது. படத்தில் O, B, S முக்கோணத்தைப் பாருங்கள்: OS கர்ணம், BS ஒரு பக்கம், OB = 1 இன்னொரு பக்கம். இரு பக்க நீளங்களின் வித்தியாசம் மூன்றாவது பக்கத்தை விடச் சிறியதாகத்தான் இருக்கும், ஆக OS - BS < 1. 3 வர வாய்ப்பே இல்லை.

தாமரை_அம்மா · 14 ஆகஸ்ட் 2024, இரவு 9.41

அப்படியானால் தேர்வில் இப்படி வந்தால் என்ன எழுதுவது, 3/5-ஆ, "இப்படி ஒரு கோணம் இல்லை" என்பதா?

ரவுண்டானா · 14 ஆகஸ்ட் 2024, இரவு 9.44

மார்க் வேண்டுமென்றால் 3/5.

கோணல்மானி · 14 ஆகஸ்ட் 2024, இரவு 10.02

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 3/5 எழுதிவிட்டு, கீழே "cot θ = -4/3, எனவே θ குறுங்கோணம் அல்ல" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். திருத்துகிறவர் படித்தால் படிக்கட்டும்.